தம்பியின் நிற்பு, செல்லியின் முகம்

செல்லிக்கு எட்டு வயது. அகல நெற்றி, முன்பல் விழுந்த ஓட்டை, இடக்கன்னத்தில் ஒரு மச்சம். சிறுவர் கதை ஒன்றுக்காக நான் கையால் வரைந்த பெண். அவள் தொரட்டியால் மாங்காய் பறிக்கிற படம் ஒன்று வேண்டியிருந்தது. நுனிக்காலில் எம்பி, வலக்கையை உயர்த்தி, அண்ணாந்து பார்க்கிற நிலை எனக்குச் சரியாக வரவில்லை. தம்பியைக் கொல்லையில் அப்படி நிற்க வைத்து ஒரு போட்டோ எடுத்தேன். தம்பி ஆறடி, தாடி வேறு.

எழுத்தில் கேட்டால் படம் வரைந்து தரும் ஸ்டேபிள் டிஃப்யூஷன் மென்பொருளுக்குக் கன்ட்ரோல்நெட் என்றொரு துணைக்கருவி 2023-இல் வந்தது. ஒரு போட்டோவைக் கொடுத்து, ‘இதில் உள்ளபடி வரை’ என்று பிடித்து நிறுத்த அது உதவும். போட்டோவிலிருந்து எதை எடுப்பது என்பதை நாம்தான் சொல்ல வேண்டும். முதலில் நான் `canny` என்பதைத் தேர்ந்தெடுத்தேன். அது உருவத்தின் விளிம்புக் கோடுகளை எல்லாம் எடுக்கும். தம்பியின் தாடை, மூக்கு, சட்டைக் காலர் எல்லாம் கோடாக வந்துவிட்டன. பாவாடை கட்டிய செல்லிக்குத் தம்பியின் தாடை!

`openpose` வேறு மாதிரி. அது மனிதரைப் 18 புள்ளிகளாகப் பார்க்கிறது: தோள், முழங்கை, மணிக்கட்டு, இடுப்பு, முழங்கால், கணுக்கால் என்று. அவற்றை இணைத்தால் தீக்குச்சி பொம்மை போல ஓர் எலும்புக்கூடு. முகத்துக்கென்று அதில் மூக்கு, இரு கண்கள், இரு காதுகள் என ஐந்து புள்ளிகள் மட்டும். தலை எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்று சொல்ல அவை போதும். பக்கத்திலேயே `openpose_face` என்று இன்னொன்று இருக்கும். அது தாடை, புருவம், உதடு வரைக்கும் புள்ளி வைத்துவிடும். நிற்பு மட்டும் வேண்டுமென்றால் அதைத் தொடக்கூடாது.

தாடை போனது, ஆனால் வந்தவள் எட்டு வயதுக்காரி இல்லை, பாவாடை கட்டிய வளர்ந்த பெண். எலும்புக்கூடு மூட்டுகளின் கோணத்தை மட்டும் கொண்டுவருவதில்லை, கை கால்களின் நீளத்தையும் கொண்டுவருகிறது. வளர்ந்தவர் உயரம் அவர் தலையைப் போல ஏழு மடங்குக்கு மேல். எட்டு வயதுப் பிள்ளைக்கு ஏறத்தாழ ஆறு. அதனால் எலும்புக்கூட்டைத் திருத்தும் பக்கத்தில் முழங்காலையும் கணுக்காலையும் மேலே நகர்த்திக் காலைக் குட்டையாக்கினேன். கையையும் அப்படியே. அந்தந்தக் கோட்டின் மேலேயே நகர்த்த வேண்டும். பக்கவாட்டில் விலகினால் கோணம் மாறி, எம்பி நிற்பவள் தள்ளாடுகிறவள் ஆகிவிடுவாள்.

முகத்தை அடையாளம் காட்ட, நான் வரைந்த இருபது செல்லிகளைக் கொண்டு லோரா எனும் சிறு கோப்பு ஒன்றைப் பழக்கி வைத்திருந்தேன். நிற்பு எலும்புக்கூட்டிலிருந்து, முகம் லோராவிலிருந்து. வந்த படத்தில் உடம்பு அண்ணாந்திருந்தது, முகம் மட்டும் நேராக என்னைப் பார்த்தது. காரணம் என் படங்கள்தான்: இருபதில் பதினெட்டு நேர்முகம். அண்ணாந்த செல்லியை அது கண்டதே இல்லை. அப்படி ஐந்தாறு முகம் வரைந்து சேர்த்து மறுபடி பழக்கிய பிறகுதான் தலை நிமிர்ந்தது.

அப்போதும் கண்கள் குழம்பிக் கிடந்தன, மச்சத்தைக் காணோம். இது வேறு வியாதி. ஸ்டேபிள் டிஃப்யூஷன் எட்டுக்கு எட்டு பிக்ஸலை ஒரு கட்டமாகச் சுருக்கித்தான் உள்ளே வேலை செய்கிறது. 768 பிக்ஸல் உயரப் படத்தில் செல்லி முழுதாக நின்றால் அவள் முகத்தின் அகலம் 80 பிக்ஸல். அதாவது பத்துக் கட்டம். அதில் ஒரு கண்ணுக்கு ஒன்றோ இரண்டோ. மச்சம் எங்கே உட்காரும்? இரண்டு வியாதியையும் பிரித்தறிய நான் செய்வது இது: அதே லோராவோடு, எலும்புக்கூடு இல்லாமல், மார்பளவுப் படம் ஒன்று கேட்பேன். அதில் செல்லி சரியாக வந்தால் லோரா நன்றாகத்தான் இருக்கிறது, இடம்தான் போதவில்லை.

மருந்து, முகத்தை மட்டும் மறுபடி வரைவது. முகத்தின் மேல் தூரிகையால் பூசி, `Inpaint` பகுதியில் `Only masked` என்பதைத் தேர்ந்தெடுத்தால், அந்தத் துண்டைப் பெரிதாக்கி வரைந்து, சுருக்கி, பழைய இடத்தில் ஒட்டிவிடும். `Denoising strength` எனக்கு 0.4-இல் சரிப்பட்டது. 0.2-இல் ஒன்றும் மாறவில்லை, 0.7-க்குப் போனபோது அண்ணாந்த முகம் பழையபடி நேராகத் திரும்பிக்கொண்டது.

மச்சம் இடக்கன்னத்தில் வந்தது. பல் ஓட்டையும் வந்தது. ஆனால் அந்தப் 18 புள்ளிகளில் தொரட்டிக்கு ஒரு புள்ளியும் கிடையாது. செல்லியின் கையில் ஏதோ மூங்கில் கழி முளைத்து, விரல்களுக்கு நடுவே காணாமல் போயிருந்தது. விரல்களையும் தொரட்டியையும் நானே வரைந்து முடித்தேன்.