உங்களுக்குத் தெரியுமா? – அன்சப்ஸ்கிரைப் வேறு, ஸ்பேம் வேறு

✦ ஜிமெயிலில் ஒரு விளம்பர மெயிலைத் திறந்தால், அனுப்பியவர் பெயருக்குப் பக்கத்திலேயே Unsubscribe என்று ஒரு பட்டன் தெரியும். அந்த பட்டன் மெயிலுக்குள் இல்லை! மெயிலின் அடியில் பொடி எழுத்தில் இருக்கும் லிங்க்கை மெயில் அனுப்பும் கடைக்காரர் எழுதுகிறார். மேலே இருக்கும் பட்டனை வரைந்து காட்டுவது ஜிமெயில். ஐபோனின் மெயில் ஆப் இதையே மெயிலுக்கு மேல் ஒரு பட்டையாகக் காட்டுகிறது.

✦ பட்டனை எங்கே காட்டுவது என்று ஜிமெயிலுக்கு எப்படித் தெரியும்? ஒவ்வொரு மெயிலோடும் நம் கண்ணுக்குத் தெரியாத சில தலைப்பு வரிகள் வருகின்றன. கணினியில் ஜிமெயிலைத் திறந்து, மெயிலின் வலது ஓரத்தில் இருக்கும் மூன்று புள்ளிகளைத் தொட்டு Show original கொடுங்கள். அங்கே இப்படி இரண்டு வரிகள் இருக்கும்:

```
List-Unsubscribe: <https://example.com/u/7f3k9>
List-Unsubscribe-Post: List-Unsubscribe=One-Click
```

முதல் வரி 1998-இலேயே வரையறுக்கப்பட்டது. இரண்டாவது 2017-இல்தான் வந்தது. இடையில் ஏறக்குறைய இருபது வருடம்.

✦ அந்த இரண்டாவது வரி ஏன் தேவைப்பட்டது? பல அலுவலகங்களில், மெயில் ஊழியரின் கைக்குப் போவதற்கு முன்னாலேயே வைரஸ் சோதிக்கும் மென்பொருள் அதிலுள்ள லிங்க்குகளை எல்லாம் தானே திறந்து பார்த்துவிடும். லிங்க்கைத் திறந்தாலே பெயர் நீங்கிவிடும் என்று கடைக்காரர் அமைத்திருந்தால், ஊழியர் மெயிலைப் பார்க்கும் முன்பே அவர் பெயர் பட்டியலிலிருந்து போய்விடும். இதைத் தவிர்க்க, "நிச்சயமாக நீக்கவா?" என்று இன்னொரு பக்கத்தைக் காட்டத் தொடங்கினார்கள். சிலர் லாகின் செய்யச் சொன்னார்கள், சிலர் காரணம் கேட்டார்கள். புதிய ஏற்பாட்டில், பட்டனை நாம் தொட்டால் மட்டுமே மெயில் நிறுவனம் அந்த முகவரிக்கு POST என்ற வகைக் கோரிக்கையை அனுப்பும். லிங்க்கைச் சும்மா திறந்து பார்க்கும் மென்பொருள் அதை அனுப்பாது. எனவே கடைக்காரர் வேறு எதுவும் கேட்காமல் பெயரை நீக்கிவிடலாம். மெயிலின் மின்கையொப்பம் இந்த இரண்டு வரிகளையும் சேர்த்தே போடப்பட்டிருக்க வேண்டும் என்பதும் விதி. வழியில் யாரும் அவற்றை மாற்றிவிடக் கூடாதல்லவா!

✦ மேலே உள்ள முகவரியின் கடைசியில் 7f3k9 என்று இருக்கிறதே, அது உங்களுக்கென்று கொடுக்கப்பட்ட அடையாளம். எந்தப் பட்டியலில் எந்த முகவரி என்பதை அதை வைத்துத்தான் கடைக்காரர் கண்டுபிடிக்கிறார். நல்ல தள்ளுபடி வந்திருக்கிறது என்று அந்த மெயிலை உங்கள் அக்காவுக்கு ஃபார்வர்ட் செய்கிறீர்கள் என்று வையுங்கள். அவர் அடியில் இருக்கும் லிங்க்கைத் தட்டினால் நீங்குவது உங்கள் பெயர்! மேல் பட்டனில் இந்தக் குழப்பம் இல்லை. சாதாரணமாக ஃபார்வர்ட் செய்யும்போது அந்தத் தலைப்பு வரிகள் கூடப் போவதில்லை, அதனால் அக்காவின் திரையில் அந்த பட்டனே வராது.

✦ இனி ஸ்பேம் பட்டன். இரண்டும் ஒன்றுதான், எதைத் தட்டினாலும் மெயில் வராது என்றே பலரும் நினைக்கிறார்கள். இல்லை. அன்சப்ஸ்கிரைப் என்பது அனுப்புகிறவரிடம் "என் பெயரை எடுத்துவிடுங்கள்" என்று சொல்வது. ஸ்பேம் என்பது மெயில் நிறுவனத்திடம் அவர்மேல் புகார் கொடுப்பது. சொல்லும் செய்தியும் வேறு, போய்ச் சேரும் இடமும் வேறு.

ஓர் உதாரணம் பார்ப்போம். தீபாவளிக்கு ஒரு சிறிய ஆன்லைன் கடையில் சேலை வாங்கினீர்கள். அன்றிலிருந்து தினமும் ஒரு விளம்பர மெயில். எரிச்சலில் Report spam தட்டுகிறீர்கள். ஜிமெயில் அதை ஸ்பேம் பெட்டிக்கு நகர்த்துகிறது, அந்தக் கடையின் மெயில்கள் உங்களுக்குப் பிடிக்கவில்லை என்று குறித்துக்கொள்கிறது. ஆனால் புகார் கொடுத்தவர் யார் என்று ஜிமெயில் கடைக்குச் சொல்லாது. மொத்தத்தில் எத்தனை சதவீதம் புகார் என்ற கணக்கு மட்டுமே அனுப்புகிறவர்களுக்குக் கிடைக்கும். ஆகவே கடையின் பட்டியலில் உங்கள் பெயர் அப்படியே இருக்கும், மெயிலும் வந்துகொண்டே இருக்கும், உங்கள் கண்ணில் படாத பெட்டியில். (யாஹூவும் மைக்ரோசாஃப்டும் அப்படியல்ல. அவர்களிடம் பதிவு செய்துகொண்ட நிறுவனங்களுக்குப் புகாரின் நகலை அனுப்புகிறார்கள். ஒழுங்கான நிறுவனம் அதைப் பார்த்துப் பெயரை நீக்கிவிடும்.)

பொங்கலுக்கு அதே கடையில் இன்னொரு சேலைக்கு ஆர்டர் கொடுக்கிறீர்கள். பில் வரவில்லை, பார்சல் எங்கே இருக்கிறது என்ற தகவலும் வரவில்லை. விளம்பரமும் பில்லும் ஒரே முகவரியிலிருந்து வந்தால், இரண்டுமே ஸ்பேம் பெட்டிக்குப் போக வாய்ப்புண்டு. ஜிமெயிலில் அங்கே 30 நாள்தான் இருக்கும், பிறகு தானாக அழிந்துவிடும். தேடி எடுத்து Not spam கொடுத்தால் நிலைமை சீராகத் தொடங்கும். முதலிலேயே அன்சப்ஸ்கிரைப் கொடுத்திருந்தால் விளம்பரம் மட்டும் நின்றிருக்கும், பில் இன்பாக்ஸுக்கே வந்திருக்கும்.

✦ ஆயிரத்துக்கு மூன்று! ஜிமெயிலுக்கு மொத்தமாக மெயில் அனுப்புகிறவர்கள் எட்டக் கூடாத புகார் அளவு இதுதான்: 0.3 சதவீதம். 0.1-க்குக் கீழே வைத்திருங்கள் என்பது கூகுளின் அறிவுரை. ஆயிரம் பேரில் நான்கு பேர் அவசரத்தில் ஸ்பேம் தட்டினாலே கடையின் பெயர் கெடத் தொடங்கும். மெயிலை விரும்பிக் கேட்டு வாங்கிய மீதிப் பேருக்கும் அது ஸ்பேம் பெட்டியில் போய் விழலாம். நேர்மையான ஒரு சிறு வியாபாரிக்கு இது பெரிய அடி.

✦ பட்டனைத் தட்டிய பிறகு எத்தனை நாள் பொறுக்க வேண்டும்? இரண்டு நாள். 2024-இல் கூகுளும் யாஹூவும் கொண்டுவந்த விதி இது. ஜிமெயில் முகவரிகளுக்கு ஒரு நாளில் 5,000 மெயிலுக்கு மேல் அனுப்புகிறவர்கள், விளம்பர மெயில்களில் ஒரே தட்டில் விலகும் வசதியை வைத்தாக வேண்டும். கேட்டவர் பெயரை இரண்டு நாளுக்குள் நீக்கியாக வேண்டும். அமெரிக்கச் சட்டம் கொடுக்கும் அவகாசமோ 10 வேலை நாள்.

இரண்டு நாள் கழித்தும் வந்தால்? மெயிலைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். ஒரே கடை 'தள்ளுபடிச் செய்தி', 'புதுவரவு' என்று தனித்தனிப் பட்டியல் வைத்திருக்கலாம். நீங்கள் விலகியது ஒன்றிலிருந்து மட்டுமாக இருக்கலாம். அதே பட்டியலிலிருந்தே மறுபடி வந்தால், தயங்காமல் Report spam கொடுங்கள். அது நியாயமான புகார்.

✦ வங்கியின் ஓடிபி மெயிலிலும் ரயில் டிக்கெட் மெயிலிலும் பெரும்பாலும் இந்த பட்டன் இருக்காது. அவை நீங்கள் செய்த காரியத்துக்கு வரும் பதில், விளம்பரம் அல்ல. அவற்றை ஸ்பேம் என்று மட்டும் குறித்துவிடாதீர்கள். அடுத்த ஓடிபியைத் தேடி அலைய வேண்டியிருக்கும்.

✦ முன்பின் தெரியாத ஒருவரிடமிருந்து "லாட்டரியில் பரிசு விழுந்திருக்கிறது" என்று வரும் மெயிலின் அடியிலும் அன்சப்ஸ்கிரைப் லிங்க் இருக்கலாம். அதைத் தொடவே கூடாது. இந்த முகவரியை ஒருவர் பயன்படுத்துகிறார் என்பதை மோசடிக்காரருக்கு நாமே உறுதிப்படுத்தியதாகிவிடும். லிங்க் போலிப் பக்கத்துக்கும் கொண்டுபோகலாம். நீங்களாகப் பெயர் கொடுத்த இடத்திலிருந்து வந்தால் மேலே இருக்கும் அன்சப்ஸ்கிரைப்; கொடுக்காத இடத்திலிருந்தோ மோசடியாகவோ வந்தால் ஸ்பேம். இன்று இன்பாக்ஸைத் திறக்கும்போதே இதைப் பிரித்துப் பார்த்துத் தட்டுங்கள்.