மருமகளாக வந்தால் சரி, மகளாகப் போனால்?
(தொடர் - 7)

பரமத்திவேலூர்ப் பக்கம் ஒரு கவுண்டர் வீட்டுக் கல்யாணம். இணைச்சீர் முடிந்து பந்தி நடந்துகொண்டிருந்தது. மாப்பிள்ளைக்கு வயது முப்பத்தாறு. பெண் பாலக்காட்டுப் பக்கத்திலிருந்து வந்தவள். மொழி வேறு, சாதியும் வேறு. யாரும் அதைப் பெரிதாகப் பேசவில்லை. "நல்ல புள்ளைங்க, ரெண்டு மாசத்துல நம்ம பேச்சு பேசிப் பழகிக்கும்" என்றார் பக்கத்து இலையில் இருந்த பெரியவர்.

கொங்குப் பகுதியில் இப்படிக் கேரளத்திலிருந்து பெண் எடுப்பது இப்போது புதிதல்ல. சேலம் மாவட்டத்தில் 1991 கணக்கெடுப்பின்படி, ஆறு வயதுக்குட்பட்ட ஆயிரம் ஆண் குழந்தைகளுக்குப் பெண் குழந்தைகள் 849 பேர்தான். தொட்டில் குழந்தைத் திட்டம் 1992-இல் சேலத்தில் தொடங்கியதும் இதனால்தான். அன்று பிறக்காமல் போன, பிறந்தும் வளரவிடாத பெண்களின் இடம்தான் இன்று மணமேடையில் காலியாக இருக்கிறது. அந்த இடத்தை நிரப்ப வெளியிலிருந்து பெண் வந்தால் சாதி ஒதுங்கி வழிவிடுகிறது.

அதே ஊரில், அதே சாதியில், ஒரு மகள் வெளியே காதலித்தால்?

2015 ஜூன் 23. ஓமலூரைச் சேர்ந்த, பொறியியல் படித்த தலித் இளைஞர் கோகுல்ராஜ், திருச்செங்கோடு அர்த்தநாரீஸ்வரர் மலைக்கோயிலுக்குத் தன்னோடு படித்த தோழியைப் பார்க்கப் போகிறார். தோழி கவுண்டர் வீட்டுப் பெண். இருவரையும் சிலர் மடக்குகிறார்கள். பெண்ணை அனுப்பிவிட்டுக் கோகுல்ராஜைக் காரில் ஏற்றிக்கொண்டு போகிறார்கள். மறுநாள் பள்ளிபாளையம் அருகே தண்டவாளத்தில் அவர் உடல் கிடந்தது. காதல் தோல்வித் தற்கொலை என்று காட்ட, அவரையே பேச வைத்து வீடியோ எடுத்திருந்தார்கள். தீரன் சின்னமலை கவுண்டர் பேரவையின் தலைவர் யுவராஜ் உட்பட பத்துப் பேருக்கு 2022 மார்ச் 8 அன்று மதுரை சிறப்பு நீதிமன்றம் ஆயுள் தண்டனை விதித்தது. யுவராஜின் தண்டனையை 2023 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம் உறுதிசெய்தது.

இந்த இரண்டு காட்சிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் எதிர்ப்பின் உள்ளே இருப்பது தெரியும். சாதி கலப்பதே தப்பு என்றால் பாலக்காட்டு மருமகளையும் ஏற்க முடியாது. உள்ளே வருகிறவள் கணவனின் குலத்தில் சேர்ந்துவிடுகிறாள், பிள்ளைகள் அந்தக் கூட்டத்துக் கணக்கில் போகிறார்கள், காடும் தோட்டமும் வீட்டோடு நிற்கின்றன. வெளியே போகிறவள் இதையெல்லாம் திருப்பிப் போடுகிறாள். 1989-இல் தமிழ்நாட்டுச் சட்டத் திருத்தம் கூட்டுக்குடும்பச் சொத்தில் மகளுக்கும் சம பங்கு கொடுத்தது. அதுவரை சீரோடு முடிந்துபோன மகளின் உரிமை, அதற்குப் பிறகு கிணற்றிலும் வரப்பிலும் பங்கு கேட்கக்கூடியதாகிவிட்டது. அந்தப் பங்கு, நேற்றுவரை தங்கள் காட்டில் கூலிக்கு வந்தவரின் வீட்டுக்குப் போகும் என்ற நினைப்பைத்தான் பலரால் தாங்க முடியவில்லை.

ஆனால் நிலமே இல்லாத வீட்டிலும் இதே எதிர்ப்பு இருக்கிறதே என்று கேட்கலாம். விசைத்தறியில் வேலை பார்க்கும் ஓர் அம்மாவிடம் நான் இதைக் கேட்டேன். அவர் மகள் வேறு மதத்துப் பையனை விரும்பினாள். "பையன் மேல எனக்கு ஒரு குத்தமும் இல்லீங்க. சின்னவ ஒருத்தி இருக்கா, அவளக் கேட்டு யாருங்க வருவா? நாளைக்கு என்ற வாசல்ல ஒரு எழவு உழுந்தா பங்காளி எட்டிப் பாப்பானுங்களா?" என்றார். அந்த அம்மா வெறுப்பில் பேசவில்லை, பயத்தில் பேசினார். சாவுக்கும் வாழ்வுக்கும் கைகொடுக்க ஒறம்பரையைத் தவிர வேறு ஆள் இல்லாத வீடு அது. அந்த உறவுக்காரர்கள் யாரும் மிரட்டக்கூட வேண்டியதில்லை, வராமல் இருந்தாலே போதும்.

மதம் தாண்டினால் இந்தப் பயத்துக்கு அவகாசமும் கிடைத்துவிடுகிறது. சாதி மட்டும் வேறாக இருக்கும் இந்துக்கள் சுயமரியாதைத் திருமணமாக அன்றைக்கே செய்துகொள்ளலாம். மதம் வேறாக இருந்து, மாறாமல் மணக்க விரும்புகிறவர்கள் பெரும்பாலும் 1954-ஆம் ஆண்டின் சிறப்புத் திருமணச் சட்டத்துக்குத்தான் போக வேண்டும். அதில் பதிவாளர் அலுவலகப் பலகையில் பெயரும் முகவரியும் ஒட்டப்பட்டு முப்பது நாள் இருக்கும். யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். ஊரில் ஒருவர் பார்த்தால் போதும். அன்று மாலையே பெண்ணின் கைப்பேசி பறிபோகும், அவளை எந்தச் சொந்தக்காரர் வீட்டுக்கு அனுப்புவது என்று பேச்சு தொடங்கிவிடும்.

கோகுல்ராஜ் வழக்கில் அந்தத் தோழி விசாரணையில் பிறழ்சாட்சியானார். 2022 நவம்பரில் உயர் நீதிமன்ற நீதிபதிகள் அவரை நேரில் வரவழைத்து, கோயில் கேமராவில் பதிவான காட்சியைப் போட்டுக் காட்டினார்கள். அந்தக் காட்சியில் இருப்பது தான்தான் என்று சொல்லக்கூட அவருக்கு வாய் வரவில்லை. நீதிமன்றம் அவர் மீது அவமதிப்பு நடவடிக்கை தொடங்கியது. கொலை நடந்து அப்போது ஏழு வருடம் ஆகியிருந்தது.