முதல் கல்யாண நாளுக்கு எந்த மேஜை?

ஞாயிற்றுக்கிழமை முகூர்த்தத்தில் கல்யாணம் ஆனவர்களுக்கு முதல் கல்யாண நாள் திங்கட்கிழமையில் வரும். நடுவில் பிப்ரவரி 29 குறுக்கிட்டால் செவ்வாய். ஓட்டல் தேட உட்காருகிறவர்கள் முதலில் பார்க்க வேண்டியது இந்தக் கிழமையைத்தான். படங்களையும் நட்சத்திர மதிப்பெண்களையும் பிறகு பார்த்துக்கொள்ளலாம். கிழமை தெரிந்தால் பாதி விஷயம் தானாகவே தீர்மானமாகிவிடும்.

சென்னையில் ஒரு தம்பதியை எடுத்துக்கொள்வோம். மடிப்பாக்கத்தில் வீடு, இருவருக்கும் பழைய மகாபலிபுரம் சாலையில் வேலை, போன வருடம் ஆவணியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை கல்யாணம். கால்டாக்சி உட்பட ஐயாயிரம் ரூபாய்க்குள் முடிக்க வேண்டும் என்று நினைக்கிறார்கள். அவர் கபாப் கடை ஒன்றை மனதில் வைத்திருக்கிறார். மனைவியும் அசைவம் சாப்பிடுகிறவர்தான், ஆனால் திங்கட்கிழமை தொடமாட்டார். பிறந்த வீட்டுப் பழக்கம். அப்படியானால் கபாப் கடையில் அவருக்குப் பனீரும் காளானும்தான் மிஞ்சும். இதே போல வெள்ளி, பிரதோஷம், கிருத்திகை என்று ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு கணக்கு உண்டு. நாட்காட்டியை ஒருமுறை புரட்டிவிட்டால் அன்றைக்கு மேஜையில் உட்கார்ந்து முகம் சுருங்க வேண்டியிருக்காது.

முந்தின சனிக்கிழமைக்கு மாற்றிக்கொள்ளலாமே என்று தோன்றும். நான் திங்கட்கிழமைக்கே ஓட்டுப் போடுவேன். சனிக்கிழமை இரவு எந்த நல்ல இடத்திலும் கூட்டம் நெரியும். பல இடங்களில் அன்றைக்கு மேடை போட்டுப் பாட்டு வேறு இருக்கும். திங்கட்கிழமை அதே இடம் பாதி காலியாக இருக்கும், வேண்டிய மேஜையைக் கேட்டு வாங்கலாம், பரிமாறுகிறவருக்கும் நம்மிடம் நின்று பேச நேரம் இருக்கும். சில இடங்களுக்குத் திங்கள் வார விடுமுறை என்பதை மட்டும் விசாரித்துக்கொள்ள வேண்டும்.

அடுத்தது சூழல். விளம்பரப் படங்களில் தெரியாதது சத்தம்தான், இந்த இரவைக் கெடுக்கக்கூடியதும் அதுதான். கல்யாணமான முதல் வருடத்தில் சொந்தக்காரர் வீட்டு விருந்துகள், ஆடிச் சீர், தலை தீபாவளி என்று கூட்டத்தோடுதான் பெரும்பாலும் சாப்பிட்டிருப்பார்கள். இந்த ஒரு வேளையாவது இருவரும் எதிரெதிரே உட்கார்ந்து பேசுவதற்கு என்று வைத்துக்கொண்டால், இடத்தை எடைபோடுவது எளிது. குரலை உயர்த்தாமல், முன்னால் சாயாமல் எதிரில் இருப்பவர் பேசுவது கேட்கிறதா? கைபேசி வெளிச்சம் இல்லாமல் மெனு அட்டையைப் படிக்க முடிகிறதா? இந்த இரண்டும் சரியாக இருந்தால் பாதிக்கு மேல் தேறிவிட்டது.

இதை நேரில் போய்த்தான் பார்க்க வேண்டும், அதுவும் சாப்பிடப்போகும் அதே நேரத்தில். மதியம் மூன்று மணிக்கு அமைதியாக இருக்கும் கூடம், இரவு எட்டரைக்கு வேறு கூடம். அலுவலகத்திலிருந்து திரும்பும் வழியில் ஒருநாள் உள்ளே நுழைந்து, 'அடுத்த வாரம் டேபிள் புக் பண்ணணும், இடத்தைப் பார்க்கலாமா?' என்று கேட்டால் யாரும் மறுப்பதில்லை. பார்க்கும்போது கண்ணை மேலே ஓட்டுங்கள். கூரையில் ஒலிபெருக்கி எங்கே இருக்கிறது, ஏசி காற்று எந்த மேஜையின் தலையில் நேராக இறங்குகிறது? அடுப்படிக் கதவு, கழிப்பறைக்குப் போகும் வழி, பில் போடும் மேசை இவற்றை ஒட்டிய நாற்காலிகளில் நிமிடத்துக்கு ஒருவர் உரசிக்கொண்டு போவார். இரண்டு பேர் என்றதும் பல இடங்களில் அங்கேதான் உட்காரவைப்பார்கள், ஏனென்றால் சுவரோர மேஜைகளை நான்கு பேர் குடும்பத்துக்கு ஒதுக்கிவைத்திருப்பார்கள். பிடித்த மேஜையின் எண்ணைக் கேட்டுக் குறித்துக்கொண்டு வாருங்கள்.

கடலோர ஓட்டல் என்று பலருக்கும் ஆசை இருக்கும். கோவளத்தில் தாஜ் ஃபிஷர்மேன்ஸ் கோவ் வளாகத்தின் 'பே வியூ' போல, மணலை ஒட்டியே சாப்பிடும் இடங்கள் கிழக்குக் கடற்கரைச் சாலையில் உண்டு. ஆனால் நம் கடல் கிழக்கில் இருக்கிறது. சூரியன் கடலில் மறைவதில்லை. இரவு எட்டு மணிக்குக் கடல் பார்த்த மேஜையில் உட்கார்ந்தால் அலைச்சத்தம் கேட்கும், எதிரே இருட்டுதான் தெரியும். பௌர்ணமியை ஒட்டி நாள் அமைந்தால் கதையே வேறு. சூரியன் மறையும் நேரத்தில் நிலா கடலிலிருந்து எழும்பும், அதற்காக ஆறு மணிக்கே போய் உட்காரலாம். மற்ற நாட்களில் கடல் வேண்டுமென்றால் மதியச் சாப்பாட்டுக்குப் போவதே நல்லது. மொட்டைமாடி ஓட்டல்களுக்கு மழையும் ஒரு கணக்கு. ஆவணியில் சென்னையில் மாலை இடிமழை சாதாரணம், ஐப்பசி கார்த்திகையைச் சொல்லவே வேண்டாம். 'மழை வந்தா எங்க உட்கார வைப்பீங்க?' என்று முன்கூட்டியே கேளுங்கள். உள்ளே இடம் இல்லை என்ற பதில் வந்தால் அந்த இடத்தை விட்டுவிடலாம்.

இனி பணம். மெனு அட்டையில் இருக்கும் விலை நாம் கொடுக்கப்போகும் விலை அல்ல. தனியாக நடக்கும் ஓட்டல்களில் சாப்பாட்டுக்கு 5 சதவீதம் ஜிஎஸ்டி. நாளொன்றுக்கு 7,500 ரூபாய்க்கு மேல் அறை வாடகை வாங்கும் பெரிய ஹோட்டல்களுக்குள் இருக்கும் உணவகங்களில் 18 சதவீதம். மதுவுக்கு ஜிஎஸ்டி கிடையாது, மாநில வரி தனி. ஆகவே கணக்கைப் பின்னாலிருந்து போட வேண்டும். நம் தம்பதியின் ஐயாயிரத்தில் போக வர டாக்சிக்கு 700 ஒதுக்கினால் மிச்சம் 4,300. தனி ஓட்டலில் சுமார் 4,100 ரூபாய் வரை ஆர்டர் செய்யலாம். நட்சத்திர ஹோட்டலில் சுமார் 3,640-தான். நட்சத்திர ஹோட்டல் பஃபே தலைக்கு 2,500 என்று போட்டுப் பக்கத்தில் இரண்டு கூட்டல் குறி இருந்தால், வரி தனி என்று அர்த்தம். இருவருக்கு 5,000, வரியோடு 5,900.

சேவைக் கட்டணம் என்று 10 சதவீதம் வரை பில்லில் சேர்க்கும் இடங்களும் உண்டு. அதைத் தானாகச் சேர்க்கக்கூடாது, வாடிக்கையாளர் விரும்பினால் மட்டுமே கொடுக்கலாம் என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022-ல் நெறிமுறை வெளியிட்டது. 2025 மார்ச்சில் டெல்லி உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது. நீக்கச் சொல்ல நமக்கு உரிமை இருக்கிறது. ஆனால் கல்யாண நாள் இரவில் மேனேஜரோடு சட்டம் பேசிக்கொண்டு நிற்க வேண்டாமே. மேஜை பதியும்போதே கேட்டு முடித்துவிடுங்கள்.

பஃபே பற்றி என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன். இந்த ஒரு இரவுக்கு அது வேண்டாம். ஒருவர் தட்டோடு எழுந்து போனால் இன்னொருவர் காலி நாற்காலியைப் பார்த்துக்கொண்டிருப்பார். இருவரும் சேர்ந்து போனால் பேச்சு அங்கேயே அறுந்துவிடும். இதற்கு நேர் எதிரானது, கிண்டி ஐடிசி கிராண்ட் சோழாவின் 'அவர்த்தனா' போன்ற இடங்களின் முறை. தென்னிந்தியச் சுவைகளைப் புது வடிவில், ஒன்றன்பின் ஒன்றாகப் பல சுற்றுகளில் கொண்டுவந்து வைப்பார்கள். எழ வேண்டியதில்லை, பேச நேரமும் கிடைக்கும். ஆனால் அது ஐயாயிரத்தில் அடங்காது. இரண்டு மணி நேரத்துக்கு மேல் உட்காரவும் வேண்டும்.

நம் தம்பதிக்குச் சரிவருவது ஆழ்வார்பேட்டை, நுங்கம்பாக்கம் பக்கம் தனியாக இருக்கும் நடுத்தர விலை ஓட்டல். பரிமாறும் மேஜை, வலுவான சைவப் பட்டியல். மெனுவைப் பெரும்பாலும் இணையத்திலேயே போட்டிருப்பார்கள். அதில் சைவம் எத்தனை என்று எண்ணுவதைவிட, மனைவி ஆசைப்பட்டுக் கேட்கக்கூடியவை எத்தனை என்று பார்க்க வேண்டும். நாலைந்தாவது தேறினால் போதும். அவர்களுக்கு நான் போட்டுப் பார்த்த பட்டியல் இது: ஆளுக்கொரு சூப் 520, இரண்டு ஸ்டார்ட்டர் 840, ஒரு கிரேவி 450, நான்கு ரொட்டி 360, ஒரு புலாவ் 400, இனிப்பு இரண்டு 600, மாக்டெயில் இரண்டு 600. மொத்தம் 3,770, வரியோடு 3,959 ரூபாய். பரிமாறியவருக்கு டிப்ஸ் கொடுக்க முன்னூறு ரூபாய்க்கு மேல் கையில் இருக்கும். ஒரு கிரேவி போதுமா என்று தோன்றும். இரண்டு ஸ்டார்ட்டருக்குப் பிறகு இரண்டு பேரால் அதுவே தீராது. பார்சல் பையோடுதான் வீடு திரும்புவார்கள்.

மேஜை பதிய டிஸ்ட்ரிக்ட், ஸ்விக்கி டைன்அவுட், ஈஸிடைனர் என்று செயலிகள் இருக்கின்றன. தள்ளுபடி கிடைக்கும், நேரமும் உறுதியாகும், மேஜை எண் உறுதியாகாது. தள்ளுபடிக்குப் பெரும்பாலும் அந்தச் செயலி வழியாகவே பணம் கட்ட வேண்டும், சில பொருட்களுக்கு அது செல்லாது. செயலியில் பதிந்தாலும் பத்து நாள் முன்பே ஓட்டலுக்கு ஒரு போன் போடுங்கள். இப்படிப் பேசினால் போதும்:

'சார், முப்பத்தொண்ணாம் தேதி திங்கட்கிழமை நைட் ஏழரைக்கு ரெண்டு பேர். எங்க ஃபர்ஸ்ட் வெடிங் ஆனிவர்சரி. அந்த ஜன்னலோர பன்னெண்டாம் நம்பர் டேபிள் கிடைக்குமா?'

'பாக்குறேன் சார். ஒன்பது மணிக்கு அடுத்த புக்கிங் இருந்தா பரவாயில்லையா?'

இந்தக் கேள்வியை அவர் கேட்காவிட்டால் நாம் கேட்க வேண்டும். ஒரே மேஜையை ஏழுக்கும் ஒன்பதுக்கும் என்று இரண்டு தரம் கொடுக்கும் இடங்களில், இனிப்பு வரும்போதே பில்லும் வந்துவிடும். தாமதமானால் எத்தனை நிமிடம் மேஜையைப் பிடித்துவைப்பார்கள், வெளியிலிருந்து கேக் கொண்டுவரலாமா, வெட்டித் தர ஏதாவது கட்டணம் உண்டா என்பதையும் அதே அழைப்பில் கேட்டுவிடலாம். முன்பணம் கேட்டால், அது பில்லில் கழியுமா, வர முடியாமல் போனால் திரும்புமா என்று வாட்ஸ்அப்பில் எழுத்தாக வாங்கிக்கொள்ளுங்கள். பலூன், ரோஜா இதழ், மெழுகுவத்தி சேர்த்து 'பேக்கேஜ்' என்று சொன்னால், அதில் சாப்பாடு நாமே தேர்ந்தெடுப்பதா, அவர்கள் முடிவுசெய்த பட்டியலா என்று கேட்பது முக்கியம். பல இடங்களில் இரண்டாவதுதான், அப்போது மனைவியின் திங்கட்கிழமை விரதம் யாருக்கும் நினைவிருக்காது.

அன்று காலை மறுபடி ஒரு அழைப்பு. இரவுப் பொறுப்பில் யார் இருப்பார் என்று பெயரைக் கேட்டுக்கொள்ளுங்கள். போய்ச் சேர்ந்ததும் வேறு மேஜையைக் காட்டினால், உட்காருவதற்கு முன்பே அவரைக் கூப்பிட்டுச் சொல்லிவிட வேண்டும். தண்ணீர் ஊற்றி, நாப்கின் விரித்த பிறகு மேஜை மாற்றித் தருவது அவர்களுக்கும் சிரமம், கேட்பதற்கு நமக்கும் சங்கடம்.