உருகாமலே கெடும் ஐஸ்கிரீம்

புதிதாக வாங்கிய ஐஸ்கிரீமை நாக்கில் வைத்தால் வழுவழுவென்று கரைகிறது. அதே டப்பாவை மூன்று வாரம் கழித்துத் திறந்தால், பல்லில் நறநறவென்று பனித்துகள் கடிபடுகிறது. இடையில் அது ஒரு முறைகூட உருகி ஒழுகியிருக்காது. கண்ணுக்குத் தெரியும்படி உருகாமலே ஐஸ்கிரீம் கெடும் என்பதுதான் இதில் கவனிக்க வேண்டிய செய்தி.

ஐஸ்கிரீமில் ஏறத்தாழ அறுபது சதவீதம் தண்ணீர். மீதி பால் கொழுப்பு, சர்க்கரை, பாலின் மற்ற திடப்பொருட்கள். இவற்றோடு நுண்ணிய காற்றுக் குமிழ்களும் சேர்ந்திருக்கின்றன. சர்க்கரை கரைந்த தண்ணீர் சாதாரணத் தண்ணீரைப் போல 0 டிகிரியில் உறைவதில்லை. குளிர் கூடக்கூட அதில் கொஞ்சம் கொஞ்சமாகப் பனி உண்டாகிறது. மிஞ்சும் பாகு கெட்டியாகிக்கொண்டே போகிறது. மைனஸ் 18 டிகிரியில்கூட ஏறக்குறைய முக்கால் பங்குத் தண்ணீரே உறைந்திருக்கும். மீதிக் கால் பங்கு கெட்டிப் பாகாகப் பனித்துகள்களுக்கு நடுவே நிற்கும். கல்லாக இல்லாமல் கரண்டியால் அள்ள வருவதற்கு இந்தப் பாகும் காற்றும்தான் காரணம்.

தொழிற்சாலையில் கலவையை மிகக் குளிர்ந்த உருளைக்குள் செலுத்துகிறார்கள். உருளையின் சுவரில் உறையும் பனியை உள்ளே சுழலும் கத்திகள் உடனுக்குடன் வழித்துவிடுகின்றன. இதனால் கணக்கற்ற குட்டிப் பனிப்படிகங்கள் பிறக்கின்றன. பிறகு டப்பாவில் நிரப்பி, கடுங்குளிரில் விரைவாக இறுக வைக்கிறார்கள். படிகங்களின் சராசரி அளவு 50 மைக்ரோமீட்டருக்குக் கீழே, அதாவது ஒரு மில்லிமீட்டரில் இருபதில் ஒரு பங்குக்கும் குறைவாக இருந்தால் நாக்கு அவற்றைத் தனித்தனியாக உணராது. அதைத் தாண்டி வளரத் தொடங்கும்போதுதான் நறநறப்பு வருகிறது.

வீட்டு ஃப்ரீசரில் நடப்பதை ஒரு லிட்டர் டப்பாவை வைத்துப் பார்க்கலாம். அதன் எடை 550 கிராம் என்று கொண்டால், உள்ளே தண்ணீர் சுமார் 330 கிராம். மைனஸ் 18 டிகிரியில் அதில் முக்கால் பங்கு, அதாவது 250 கிராம் அளவுக்குப் பனியாக இருக்கும். மைனஸ் 12 டிகிரிக்கு வந்தால் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு, அதாவது 220 கிராம்தான் பனியாக நிற்கும். இந்த ஆறு டிகிரி ஏற்றத்தில் ஐந்தாறு தேக்கரண்டி அளவுத் தண்ணீர் உள்ளுக்குள்ளேயே உருகிவிடுகிறது. மூடியைத் திறந்து பார்த்தால் ஐஸ்கிரீம் சற்றே மென்மையாகத் தெரியும், அவ்வளவுதான்.

உருகும்போது முதலில் கரைந்து மறைபவை மிகச் சிறிய படிகங்கள். பெரியவை மெலிந்தாலும் தப்பிவிடுகின்றன. மறுபடி குளிர் ஏறும்போது அந்தத் தண்ணீர் புதிய குட்டிப் படிகங்களாகப் பிறப்பதில்லை. அப்படிப் பிறக்க உருளையும் கத்தியும் தந்த கடுங்குளிர் வேண்டும். வீட்டு ஃப்ரீசரில் தண்ணீர் மெதுவாக உறைவதால், தப்பி நிற்கும் பெரிய படிகங்களின் மேலேயே போய் ஒட்டிக்கொள்கிறது. ஒவ்வொரு ஏற்ற இறக்கத்திலும் படிகங்களின் எண்ணிக்கை குறைகிறது, அளவு கூடுகிறது. ஒரு முறை நடந்தால் தெரியாது. நாளுக்குச் சில தடவை வீதம் மூன்று வாரம் நடந்தால் நாக்கு கண்டுபிடித்துவிடும். கலவையில் சேர்க்கும் குவார் பசை போன்ற நிலைநிறுத்திகள் இந்த வளர்ச்சியைத் தாமதப்படுத்தும், ஆனால் தடுத்துவிடாது.

ஏற்ற இறக்கம் வரும் வழிகள் பல. பனி படியாத வகைக் குளிர்பதனப் பெட்டியில், குளிரூட்டும் குழாயில் சேரும் பனியைக் கரைக்க ஒரு ஹீட்டர் அவ்வப்போது தானாக இயங்குகிறது. அந்தச் சில நிமிடங்களில் ஃப்ரீசரின் காற்று சூடேறும். கதவைத் திறக்கும்போதெல்லாம் அடுக்களையின் வெப்பக் காற்று உள்ளே புகும். மின்வெட்டும், சூடு ஆறாத பாத்திரத்தை உள்ளே வைப்பதும் அதே வேலையைச் செய்யும். எல்லாவற்றையும்விடப் பெரியது, குடும்ப டப்பாவை மேசையில் வைத்து எல்லோருக்கும் பரிமாறிவிட்டுக் கால் மணி நேரம் கழித்து உள்ளே வைக்கும் பழக்கம்.

இந்த அதிர்ச்சி டப்பா முழுவதையும் ஒரே மாதிரி தாக்குவதில்லை. ஐஸ்கிரீமில் காற்று நிறைந்திருப்பதால் வெப்பம் நடுப்பகுதிக்கு மெதுவாகத்தான் போய்ச் சேரும். முதலில் கெடுவது மேற்பரப்பும் ஓரங்களும்தான். அதனால் டப்பாவை எங்கே வைக்கிறோம் என்பது முக்கியமாகிறது. ஃப்ரீசர் கதவிலுள்ள தட்டுதான் மிக மோசமான இடம். கதவு திறக்கும் ஒவ்வொரு முறையும் அது வெளிக்காற்றில் வந்து நிற்கிறது. மேல் தட்டின் முன்பகுதியும் நல்லதல்ல, புகும் வெப்பக் காற்று அங்கேதான் தங்கும். கீழ்த் தட்டின் பின்பக்கம், ஏற்கெனவே நன்றாக உறைந்த பொருட்களுக்கு நடுவே வைப்பதே சிறந்தது. சுற்றியுள்ள உறைந்த பொருட்கள் வெப்பத்தைத் தாங்கள் வாங்கிக்கொண்டு டப்பாவைக் காக்கும். புதிதாகத் தண்ணீர் ஊற்றிய ஐஸ் தட்டை அதன்மேல் வைக்கக் கூடாது.

ஒற்றைக் கதவுப் பெட்டியில் ஃப்ரீசரின் அடித்தட்டும் பின்சுவரும் குளிர்ச்சியானவை. அவற்றைத் தொட்டபடி டப்பா இருக்கலாம். ஆனால் பனி தடித்துப் படிந்தால் குளிர் வருவது குறையும். அதைக் கரைக்கப் பொத்தானை அழுத்தும்போது ஐஸ்கிரீமை உள்ளே விட்டுவிடக் கூடாது. ஃப்ரீசரில் நட்சத்திரக் குளிர்க்குறி இருந்தால் அதையும் பார்க்க வேண்டும். ஒரு நட்சத்திரம் மைனஸ் 6, இரண்டு மைனஸ் 12, மூன்று மைனஸ் 18 டிகிரியைக் குறிக்கும். மின்சாரச் சிக்கனத்தைக் காட்டும் நட்சத்திரம் வேறு. மைனஸ் 12 டிகிரி ஃப்ரீசரில் ஏற்ற இறக்கமே இல்லாவிட்டாலும் படிகங்கள் வேகமாக வளரும். அங்கே வாங்கிய ஓரிரு நாளில் சாப்பிட்டு முடிப்பதே சரி.

பெரிய டப்பாவை வாங்கிய அன்றே, உருக விடாமல் விரைவாகச் சிறு டப்பாக்களில் பிரித்து வைத்தால், ஒரு வேளைக்கு ஒன்றை மட்டும் வெளியே எடுக்கலாம். மிச்சமிருக்கும் ஐஸ்கிரீமின் மேல் பிளாஸ்டிக் தாளைக் காற்றிடைவெளி இல்லாமல் படியவைத்து மூடினால், மேற்பரப்பிலிருந்து ஈரம் ஆவியாகி மூடியின் உட்புறம் பனியாகப் படிவதும் குறையும்.

நறநறப்பு எல்லாமே பனி அல்ல. வாயில் வைத்ததும் துகள் குளிர்ந்து கரைந்தால் அது பனிப்படிகம். மணல் போலக் கரையாமல் நாக்கில் தங்கினால் அது பாலிலுள்ள லாக்டோஸ் சர்க்கரையின் படிகம். டப்பாவின் அடியில் பாகு தனியாகத் தேங்கி இறுகியிருந்தாலோ, ஐஸ்கிரீம் விளிம்பிலிருந்து சுருங்கி இறங்கியிருந்தாலோ அது வழியிலோ கடையிலோ நன்றாக உருகியிருக்க வாய்ப்புண்டு.

பெருத்த படிகத்தை வீட்டு ஃப்ரீசர் மறுபடி சிறிதாக்காது. நறநறத்த ஐஸ்கிரீமைப் பாலோடு மிக்ஸியில் அடித்து மில்க் ஷேக்காகக் குடித்துவிடலாம். ஆனால் முழுவதும் உருகி வெளியே நெடுநேரம் கிடந்ததை மறுபடி உறைய வைத்து உண்ணக் கூடாது. அதில் பெருகிய கிருமிகளைக் குளிர் கொல்வதில்லை.