எண் பெரிதானால் படம் தெளிவாகுமா?



வெள்ளவத்தைக் காலி வீதியிலும் கொட்டாஞ்சேனைக் கடைகளிலும் கைத்தொலைபேசி வாங்கச் செல்வோரின் கண்ணில் முதலிற் படுவன இரண்டு எண்கள். ஒன்று கமராவின் மெகாபிக்சல். மற்றொன்று நினைவகத்தின் கிகாபைட். பிள்ளைக்கெனப் பெற்றோர் பல மாதம் சேர்த்த பணம், எந்தப் பெட்டியில் அவ்வெண்கள் பெரியனவோ அந்தப் பெட்டியின் பக்கமே சாய்ந்துவிடுகிறது. அவ்வெண்கள் பொய்யல்ல. ஆயின், அவை சொல்லும் செய்தி வேறு. வாங்குவோர் கருதும் செய்தி வேறு.

முதலில் கமராவைக் கவனிப்போம். படம் என்பது சிறு புள்ளிகளின் கூட்டம். பத்து இலட்சம் புள்ளிகள் சேர்ந்தது ஒரு மெகாபிக்சல். ஏ4 தாள் முழுவதும் ஒரு படத்தை, அங்குலத்துக்கு 300 புள்ளி வீதம் நேர்த்தியாக அச்சிடுவதற்கு ஏறத்தாழ 87 இலட்சம் புள்ளிகள் போதும். 12 மெகாபிக்சல் கமரா தருவதோ 120 இலட்சம். நல்ல வெயிலில் எடுத்த படத்தின் ஒரு மூலையை மட்டும் வெட்டிப் பெரிதாக்க வேண்டுமாயின் மிகுதியான புள்ளிகள் உதவும். மங்கிய ஒளியில் நிலைமை வேறாகிறது.

கமராவின் வில்லைக்குப் பின்னால் விரல் நகத்திலும் சிறிய ஓர் ஒளி உணரி இருக்கிறது. புள்ளிகள் யாவும் அதன் பரப்பையே பங்கிட்டுக்கொள்கின்றன. பங்காளிகள் பெருகப் பெருக ஒவ்வொருவர் பங்கும் குறைவதுபோல, புள்ளிகள் பெருகினால் ஒவ்வொன்றும் பெறும் ஒளி குறையும். அந்த ஒளியை மின்னாக மாற்றிக் கணக்கிடும்போது ஒவ்வொரு புள்ளியிலும் ஒரு சிறு பிழை கலக்கும். பகலில் ஒளி மிகுதி, பிழை தெரியாது. ஆடிவேல் தேர் வரும் இரவிலோ ஒளி சிறிது, பிழை மேலோங்கும். அதுவே படத்தில் மணல் தூவினாற்போலத் தோன்றுவது.

இதற்கு ஒரு சான்று உண்டு. சாம்சுங் நிறுவனம் 2015ஆம் ஆண்டில் வெளியிட்ட கலக்சி எஸ் 6 தொலைபேசியின் கமரா 16 மெகாபிக்சல் கொண்டது. மறு ஆண்டு வந்த எஸ் 7இல் அதே நிறுவனம் எண்ணை 12 ஆகக் குறைத்தது. உணரியின் அளவு ஏறக்குறைய அதுவேயாயினும், ஒவ்வொரு புள்ளியின் பரப்பும் ஒன்றரை மடங்குக்குச் சற்று மேலாயிற்று. வில்லையின் திறப்பும் அகன்றது. எண் குறைந்தது, இரவுப் படம் சிறந்தது.

அவ்வாறாயின் 108 மெகாபிக்சல் கமரா எதற்கு? 2020இல் வந்த எஸ் 20 அல்ட்ராவில் அத்தகையது இருந்தது. ஆனால் வழக்கமான படப்பிடிப்பில் அது ஒன்பது அயற்புள்ளிகளை ஒன்றாகச் சேர்த்து, 12 மெகாபிக்சல் படத்தையே தந்தது. அதன் வலிமை பெரிய உணரியில் இருந்தது. சிறிய உணரியிலும் மலிவான வில்லையிலும் அதே எண்ணைப் பொறித்தால் அந்தப் பயன் கிட்டாது.

இனிக் கிகாபைட்டைப் பார்ப்போம். தொலைபேசியில் இருவகை நினைவகம் உண்டு. ஒன்று வேலை செய்யும் மேசை போன்றது. மற்றொன்று பொருள்களை வைக்கும் அலுமாரி போன்றது. பெட்டியில் "8 + 8" என்று எழுதியிருப்பின், முதல் எட்டே உண்மையான மேசை. இரண்டாவது எட்டு, அலுமாரியில் ஒரு தட்டை ஒழித்து மேசையாகப் பாவிப்பது. அலுமாரியோ மேசையிலும் பன்மடங்கு மந்தமானது. அதிற் சேமிக்கும் இடமும் அந்த அளவு குறைகிறது. ஆகவே அது 16க்கு ஈடாகாது. அலுமாரிகளிலும் வேறுபாடு உண்டு. இ.எம்.எம்.சி. எனும் பழைய வகையைவிட யூ.எவ்.எஸ். எனும் வகை பெரிதும் விரைவானது. 128 என்ற ஒரே எண் இரண்டின் மீதும் இருக்கலாம்.

உண்மையை அறியும் வழி கடையிலேயே இருக்கிறது. விளக்கொளி குறைந்த மூலையில் ஒருவரை நிறுத்தி, அவர் கையை அசைக்கும்போது படமெடுங்கள். பின் முகத்தைப் பெரிதாக்கி, தலைமயிர் இழையிழையாகத் தெரிகிறதா, மெழுகுபோற் குழம்பியிருக்கிறதா என்று பாருங்கள். விலை ஒத்த இரண்டு தொலைபேசிகளில் இதையே செய்து ஒப்பிடுங்கள். உணரியின் அளவைக் கேட்கும்போது ஒன்றை நினைவிற் கொள்ளுங்கள்: அது பின்னமாகச் சொல்லப்படும், 1/3 என்பதிலும் 1/1.5 என்பதே பெரிது. அடுத்து, ஐந்தாறு செயலிகளை ஒன்றன்பின் ஒன்றாகத் திறந்து, முதலாவதற்குத் திரும்புங்கள். அது விட்ட இடத்திலிருந்தே தொடர்ந்தால் மேசை போதும்; ஒவ்வொரு முறையும் தொடக்கத்திலிருந்து திறந்தால் போதாது.

இச்சோதனைகளுக்குக் கால் மணி நேரம் செல்லும். அவற்றைச் செய்து பார்க்க இடந்தரும் கடையிலேயே பணத்தைக் கொடுங்கள்.