எந்த உறுப்பிலிருந்து?

1/2, 2/3, 3/4, 4/5 என்று நீளும் தொடர்வரிசையைப் பார்த்ததுமே, இது 1-ஐ நெருங்குகிறது என்று பள்ளி மாணவர்கூடச் சொல்லிவிடுவார். இதன் n-ஆவது உறுப்பு n/(n+1). நூறாவது உறுப்பு 100/101, ஆயிரமாவது 1000/1001. எந்த உறுப்பும் 1-ஐத் தொடுவதில்லை. ஆனால் இடைவெளி குறைந்துகொண்டே போகிறது. ஆகவே எல்லை 1. கண்ணுக்குத் தெரிவதை எதற்கு நிரூபிக்க வேண்டும்?

சிக்கல் இதுதான்: இதே தொடர்வரிசை 2-ஐயும் நெருங்கிக்கொண்டேதான் போகிறது. முதல் உறுப்புக்கும் 2-க்கும் உள்ள இடைவெளி 1.5. மூன்றாவது உறுப்புக்கு அது 1.25. ஒன்பதாவதுக்கு 1.1. ஒவ்வொரு அடியிலும் குறைகிறது! ‘நெருங்கிக்கொண்டே போவது’ மட்டும் போதுமென்றால் 2-உம் எல்லைதான், 17-உம் எல்லைதான். பேச்சுவழக்கில் குறையில்லாத அந்தச் சொல், கணிதத்தில் இப்படிக் காலை வாரிவிடுகிறது.

பிரெஞ்சுக் கணித மேதை கோஷி 1821-இல் வெளியிட்ட தமது பாடநூலில் எல்லையைச் சொற்களால்தான் வரையறுத்தார். ஆனால் நிரூபணம் என்று வரும்போது, இடைவெளிக்கு ஓர் எழுத்தை வைத்துச் சமனிலிகளோடு மல்லுக்கு நின்றார். அந்த முறையையே வரையறையாக நிலைநிறுத்தியதில் பெர்லின் பல்கலைக்கழகத்தில் வகுப்பெடுத்த வையர்ஸ்ட்ராஸுக்குப் பெரும் பங்கு உண்டு. இன்று கல்லூரி முதலாண்டு மாணவர்களை மிரட்டும் ε, N இரண்டும் அந்த வழியில் வந்தவையே.

வரையறை சொல்வது இவ்வளவுதான். L என்ற எண்ணை எல்லை என்கிறீர்களா? அப்படியானால் எதிரில் இருப்பவர் எவ்வளவு சிறிய மிகை எண் ε-ஐக் கொடுத்தாலும், நீங்கள் N என்ற ஒரு வரிசை எண்ணைக் காட்ட வேண்டும். N-ஆவது உறுப்பும் அதற்குப் பின் வரும் எல்லா உறுப்புகளும், ஒன்றுவிடாமல், L-இலிருந்து ε-ஐவிடக் குறைந்த தூரத்தில் இருக்க வேண்டும்.

எதிராளி 0.001 என்கிறார் என்று வைத்துக்கொள்வோம். 1-க்கும் n/(n+1)-க்கும் உள்ள இடைவெளி 1/(n+1). 999-ஆவது உறுப்பு 999/1000, அதாவது 0.999. இடைவெளி மிகச் சரியாக 0.001. அதைவிடக் ‘குறைவு’ வேண்டும் என்பதால் இது தேறாது. அடுத்ததான 1000-ஆவது உறுப்புக்கு இடைவெளி 1/1001. தேறிவிட்டது. n கூடக்கூட 1/(n+1) குறைவதால், அதற்கப்புறம் வருபவையும் தேறும். N = 1000 என்று சொல்லிவிடலாம்.

ஆனால் அவர் அடுத்து 0.000001 என்பார். ஒவ்வொன்றுக்காக விடை தேடிக்கொண்டிருந்தால் வேலை முடியாது. எல்லா ε-க்கும் ஒரே அடியாகப் பதில் வேண்டும். 1/ε-ஐவிடப் பெரிய ஏதாவதொரு இயல் எண்ணை N என்று எடுத்துக்கொள்வோம். எந்த எண்ணைச் சொன்னாலும் அதைவிடப் பெரிய இயல் எண் உண்டு என்பதால், அப்படி ஒன்று நிச்சயம் கிடைக்கும். இனி, n ≥ N ஆக இருக்கும்போதெல்லாம்

|n/(n+1) − 1| = 1/(n+1) < 1/n ≤ 1/N < ε

நிரூபணம் முடிந்தது. இந்த முறைப்படி 0.001-க்கு N குறைந்தது 1001 ஆக இருக்கும். 1000-மே போதும் என்று முன்பு பார்த்தோம். பரவாயில்லை. மிகச் சிறிய N வேண்டும் என்று வரையறை கேட்கவில்லை. அதைத் தேடித் தாளை நிரப்புவது வீண் உழைப்பு.

2-ஐ எல்லை என்று சொல்லிப் பாருங்கள். எதிராளி 1/2 என்றாலே போதும். எல்லா உறுப்புகளும் 1-க்குக் கீழே இருப்பதால் 2-க்கான இடைவெளி எப்போதும் 1-க்கு மேல்தான். எந்த N-உம் உதவாது.

மாணவர்கள் அதிகம் சறுக்குவது வரிசையில்தான். முதலில் ε வரும், அதைப் பார்த்த பிறகே N. ஒரே N எல்லா ε-க்கும் பொருந்த வேண்டும் என்று மாற்றி எழுதினால், n/(n+1) கூடத் தோற்றுவிடும்: N-ஆவது உறுப்பின் இடைவெளியான 1/(N+1)-ஐயே எதிராளி ε ஆகக் கொடுத்துவிடுவார்.

‘அதற்குப் பின் எல்லா உறுப்புகளும்’ என்பதையும் லேசாக விடக்கூடாது. நம் தொடர்வரிசையில் 10, 100, 1000 என்ற இடங்களில் மட்டும் உறுப்பை நீக்கிவிட்டு 0 போடுவோம். முதல் பத்து லட்சம் உறுப்புகளில் ஆறே ஆறு பூச்சியங்கள்; போகப்போக இன்னும் அரிதாகும். ஆனாலும் எந்த N-ஐச் சொன்னாலும் அதைத் தாண்டி ஒரு பூச்சியம் காத்திருக்கும். ε = 1/2 என்றாலே இந்தத் தொடர்வரிசைக்கு 1 எல்லை இல்லை என்று தெரிந்துவிடும்.