சிவப்பாய்த் தெரியும் காடு: முசலியைச் செய்மதிப் படத்தில் வாசித்தல்

வில்பத்து விவகாரம் சூடுபிடித்திருந்த 2015 ஆம் ஆண்டிலே செய்மதிப் படங்கள் கைக்குக் கை மாறின. ஒரு படத்தில் அடர்ந்த பச்சை, பக்கத்துப் படத்தில் வெட்டவெளி. "காடு போச்சு, பாருங்கள்" என்றது ஒரு தரப்பு. "அது எங்கட ஊர், 1990க்கு முந்திய படத்தை எடுத்துப் பாருங்கள்" என்றது மற்றத் தரப்பு. இரண்டு தரப்பும் காட்டியது படத்தைத்தான். அப்படியானால் படம் எதைத்தான் சொல்கிறது? அதை வாசிக்கும் முறையைத் தெரிந்துகொண்டால், யார் எந்த இடத்தில் அவசரப்பட்டார்கள் என்பதை நாமே கண்டுபிடிக்கலாம்.

ஏன் சிவப்பு?

பச்சை இலை சூரிய ஒளியின் சிவப்புப் பகுதியை உறிஞ்சி உணவு தயாரிக்கிறது. பச்சை ஒளியில் கொஞ்சத்தைத் திருப்பி அனுப்புகிறது, அதனால் நமக்கு அது பச்சையாய்த் தெரிகிறது. ஆனால் இலை மிக அதிகமாகத் திருப்பி அனுப்புவது நம் கண்ணுக்குத் தெரியாத ஓர் ஒளியை. அதுதான் அண்மைச் செங்கீழ்க் கதிர். இலையின் உள்ளே இருக்கும் நுண்ணிய காற்றிடைவெளிகளில் பட்டு இந்தக் கதிர் சிதறி வெளியே வந்துவிடுகிறது. நன்றாயிருக்கும் இலை தன்மேல் விழும் அண்மைச் செங்கீழ்க் கதிரில் ஏறத்தாழப் பாதியைத் திருப்பி விடும். இலை வாடினால், நோய் பட்டால், இந்தக் கதிர் குறைந்து, உறிஞ்சப்படாத சிவப்பு ஒளி கூடும்.

செய்மதியின் உணரி இந்தக் கதிரைத் தனியாகப் பதிவு செய்கிறது. ஆனால் கணினித் திரையில் இருப்பது சிவப்பு, பச்சை, நீலம் என்ற மூன்று நிறங்கள்தானே. அதனால் ஒரு படி நகர்த்துகிறார்கள். அண்மைச் செங்கீழ்க் கதிருக்குத் திரையின் சிவப்பையும், சிவப்பு ஒளிக்குப் பச்சையையும், பச்சை ஒளிக்கு நீலத்தையும் கொடுக்கிறார்கள். இப்படி வருவதே போலி நிறப் படம். 'போலி' என்பது நிறத்துக்கு மட்டும்தான், தகவல் உண்மையானது. இரண்டாம் உலகப் போரிலே, பச்சைச் சாயம் பூசி மறைத்த தளவாடங்களை உண்மையான இலைதழையிலிருந்து பிரித்தறிய இந்த வகைப் படச்சுருளைப் பயன்படுத்தினார்கள். சாயம் பச்சையாக இருந்தாலும் செங்கீழ்க் கதிரை இலைபோல் திருப்பி விடாது.

இந்தப் படத்தில் அடர்ந்த காடு ஆழ்ந்த சிவப்பு. கதிர் தள்ளும் பருவத்து வயல் பளிச்சென்ற சிவப்பு. காய்ந்த பற்றை மங்கிய செம்பழுப்பு. வெட்டவெளி மண், அறுவடையான வயல், புதிய கட்டடம் எல்லாம் வெளிர் நீலம் அல்லது வெள்ளை. ஆழமான குளம் ஏறக்குறையக் கறுப்பு. சாதாரண நிறப் படத்தில் குளமும் காடும் இரண்டுமே கரும்பச்சையாய்க் கலந்து மயக்கும். இங்கே அந்த மயக்கம் இல்லை.

ஓர் எச்சரிக்கை. லாண்ட்சட் 5 செய்மதியின் படத்தில் 4, 3, 2 என்ற அலைப்பட்டைகளை வரிசையாகப் போட்டால் போலி நிறம் வரும். லாண்ட்சட் 8 இல் அதே எண்களைப் போட்டால் சாதாரண நிறம்தான் வரும். அங்கே 5, 4, 3 போடவேண்டும். எண் மாறியதைக் கவனிக்காதவர் "பழைய படத்தில் சிவப்பாயிருந்த காடு புதிய படத்தில் இல்லையே" என்று சொல்லிவிடுவார்.

சிவப்பை எண்ணாக்குதல்

கண் ஏமாறும், எண் அவ்வளவு இலகுவில் ஏமாறாது. அதற்காகவே ஒரு சுட்டியைக் கணக்கிடுகிறார்கள்.

```
NDVI = (NIR - Red) / (NIR + Red)
```

NIR என்பது திரும்பி வந்த அண்மைச் செங்கீழ்க் கதிர், Red என்பது சிவப்பு ஒளி. மாதிரிக்கு ஒரு காட்டை எடுப்போம். செங்கீழ் 40 சதவீதமும் சிவப்பு 4 சதவீதமும் திரும்புகின்றன. 36 ஐ 44 ஆல் வகுத்தால் 0.82. கோடையில் காய்ந்த பற்றையில் 25உம் 10உம் என்றால் 0.43. வெறும் மண்ணில் 28உம் 22உம் என்றால் 0.12. தண்ணீருக்குப் பெரும்பாலும் பூச்சியத்துக்குக் கீழே போகும்.

இந்த எண் பசுமையைச் சொல்கிறது. அந்தப் பசுமை நூறு வருடத்துப் பாலை மரமா, பத்து வருடத்துப் பற்றையா என்பதைச் சொல்லாது. இலைக்கூரை மூடிவிட்டால் சுட்டி உச்சத்தை நெருங்கி அங்கேயே நின்றுவிடும். அதற்குமேல் மரம் எவ்வளவு பருத்தாலும் எண் பெரிதாக ஏறாது. முசலிக் கதையின் முடிச்சு இங்கேதான் இருக்கிறது.

மூன்று திகதிகள்

வில்பத்து தேசிய பூங்காவின் வட எல்லை மோதரகம் ஆறு. அதற்கு வடக்கே மன்னார் மாவட்டத்தின் முசலிப் பிரிவில் மரிச்சுக்கட்டி, கரடிக்குளி, பாலைக்குளி போன்ற ஊர்கள். 1990 ஒக்டோபர் கடைசியில் வடமாகாண முஸ்லிம்கள் எல்லாரையும் விடுதலைப் புலிகள் வெளியேற்றியபோது இந்த ஊர்களும் காலியாகின. பெருந்தொகையானோர் புத்தளத்தில் தங்கினார்கள். 2009 இல் போர் முடியும்வரை ஏறத்தாழ 19 வருடங்கள். உலர் வலயத்தில் கைவிட்ட வயலும் வளவும் அவ்வளவு காலம் சும்மா கிடக்காது. முதலில் முட்பற்றை, பிறகு மரம். இலைக்கூரை மூடியதும் போலி நிறப் படத்தில் அது சிவப்பாகிவிடும், சுட்டியும் காட்டுக்குக் கிட்ட வந்துவிடும்.

ஆகவே 2009 ஐயும் 2015 ஐயும் மட்டும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், சிவப்பு வெளிர் நீலமாகிறது. "காடழிப்பு" என்ற ஒரே முடிவுதான் வரும். 1980களையும் 2015 ஐயும் மட்டும் வைத்தால், வெளி வெளியாகவே இருக்கிறது, "ஒன்றும் நடக்கவில்லை" என்ற முடிவு வரும். இரண்டுமே அரைகுறை. மூன்று திகதிகளையும் ஒரே இடத்தில் பொருத்தி, ஒவ்வொரு பிக்சலையும் தனித்தனியே கேட்கவேண்டும்.

முதலில் வெளி, நடுவில் பசுமை, கடைசியில் வெளி: ஆட்கள் திரும்பி வந்த நிலம்.

முதலில் பசுமை, நடுவில் பசுமை, கடைசியில் வெளி: முன்பு ஊராக இல்லாத, புதிதாக வெட்டப்பட்ட நிலம்.

முதலில் வெளி, பிறகு இரண்டிலும் பசுமை: ஊராயிருந்தும் இன்னும் ஆள் திரும்பாத நிலம்.

மூன்றிலும் பசுமை: தொடர்ந்து காடு.

இந்த நான்கின் பரப்பையும் தனித்தனியே கூட்டிச் சொல்லாத எந்தப் படமும் இந்த விவாதத்தில் சாட்சியாகாது. இரண்டாவது வகை எங்களுக்கு உவப்பாக இருக்காது. ஆனாலும் அது இருந்தால் இருக்கிறதென்றுதான் எழுதவேண்டும். இருபத்தைந்து வருடத்தில் ஒரு குடும்பம் மூன்று நான்கு குடும்பமாகும், பழைய வளவு போதாது என்பது நியாயமான வாதம்தான். ஆனால் அது காணிக் கச்சேரியில் வைக்கவேண்டிய வாதம், படத்தால் அதை நிரூபிக்க முடியாது.

எங்கே பிழைக்கும்?

முதலாவது பருவம். மன்னாரில் மழை ஒக்டோபரிலிருந்து ஜனவரி வரை. பெப்ரவரிப் படத்தில் வயலும் பற்றையும் சிவப்பாய் நிற்கும். ஓகஸ்ட் படத்தில் அதே வயல் வெளிர் நீலம், அதே பற்றை பழுப்பு. பெப்ரவரி 2009 ஐயும் ஓகஸ்ட் 2015 ஐயும் ஒப்பிட்டால், ஒரு மரம்கூட விழாமலே காடழிப்புக் கண்டுவிடலாம். ஒரே மாதத்துப் படங்களையே ஒப்பிடவேண்டும். கோடைப் படம் இன்னும் நல்லது. காய்ந்த காலத்திலும் சிவப்பாய் நிற்பது ஆழ வேரோடிய மரம். எல்லாம் சரியாகச் செய்யப்பட்டதா என்று பார்க்க ஒரு வழி உண்டு. யாரும் கைவைக்காத பூங்காவின் நடுப்பகுதியில் இரண்டு படத்திலும் சுட்டி ஏறக்குறைய ஒன்றாக இருக்கவேண்டும். அங்கேயும் பெரிதாக விழுந்திருந்தால், மாறியது காடல்ல, பருவம்.

இரண்டாவது அளவு. லாண்ட்சட் 5 முதல் 9 வரையானவற்றின் ஒரு பிக்சல் 30 மீற்றர் சதுரம். எங்கட கணக்கில் ஏறக்குறைய 36 பேர்ச்சஸ். அரை ஏக்கர் வளவு என்பது இரண்டு பிக்சலுக்குச் சற்று அதிகம். தென்னையும் வேம்பும் மூடிய வளவுக்குள் இருந்த ஓட்டு வீடு அந்தப் படத்தில் தெரியாது, பசுமை என்றே பதிவாகும். ஆக, பழைய ஊர்மனையின் ஒரு பகுதி 'என்றும் காடு' என்ற கணக்கில் போய்ச் சேரக்கூடும். சேனையும் அப்படித்தான். தரிசாய் விட்ட வருடத்தில் எடுத்த படத்தில் அது காடாகவே தெரியும். இதனால்தான் நில அளவைத் திணைக்களத்தின் பழைய ஓரங்குல வரைபடம், காணி உறுதி, பேமிட், தூர்ந்த கிணறு, பள்ளிவாசல் அத்திவாரம், மையவாடி என்று தரையில் இருக்கும் தடயங்களைப் படத்தோடு பொருத்திப் பார்க்கவேண்டியிருக்கிறது. படத்திலேயே தேடுவதென்றால் குளத்தைத் தேடுங்கள். பற்றை மூடினாலும் அணைக்கட்டின் வளைவு இலகுவில் அழியாது.

மூன்றாவது ஆண்டு. அரசு இப்பகுதிக் காணிகளை வர்த்தமானி மூலம் வன ஒதுக்கமாக அறிவித்தது 2012 இல். அந்த வருடத்துப் படம்தான் மிகவும் தேவை. ஆனால் லாண்ட்சட் 5 இன் வழமையான படமெடுப்பு 2011 நவம்பரில் நின்றுபோனது. லாண்ட்சட் 8 ஏவப்பட்டது 2013 பெப்ரவரியில். இடையில் இருந்தது லாண்ட்சட் 7. அதன் திருத்துகருவி 2003 மே மாதத்தில் பழுதானதால் ஒவ்வொரு படத்திலும் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் கறுப்புக் கோடுகள். 2012 என்று சொல்லி யாராவது கோடே இல்லாத லாண்ட்சட் படம் காட்டினால், பல திகதிப் படங்களைச் சேர்த்து ஒட்டியதா என்று கேளுங்கள். கணினியில் சாதாரணமாய்ப் பார்க்கும் கூகிள் ஏர்த் படமும் இப்படி வெவ்வேறு நாட்களின் ஒட்டுத்தான். திகதி தெரியாத படத்தை வைத்து வாதாட முடியாது.

சட்டமும் படமும்

2017 இல் 40,000 ஹெக்டேயருக்குச் சற்றுக் கூடிய பரப்பு மாவில்லு வனமாக அறிவிக்கப்பட்டது. 2020 நவம்பரில் மேன்முறையீட்டு நீதிமன்றம், கல்லாறு வனத்தில் துப்புரவாக்கிய பகுதிக்கு ஈடாக முன்னாள் அமைச்சரொருவர் சொந்தச் செலவில் மரம் நடவேண்டுமென்று தீர்ப்பளித்தது. சட்டம் ஒரு நிலத்தைக் காடென்று சொல்வதும், செய்மதி அதைச் சிவப்பாய்க் காட்டுவதும், ஒரு குடும்பம் அதை வாப்பாவின் காணி என்று சொல்வதும் மூன்று வேறு விடயங்கள். படத்தால் அறியக்கூடியது நடுவில் உள்ளதை மட்டும்தான். அதையும் திகதி, மாதம், பிக்சலின் அளவு மூன்றையும் சேர்த்துச் சொன்னால்தான்.

லாண்ட்சட்டின் படக் களஞ்சியம் 2008 முதல் எவருக்கும் இலவசம். லாண்ட்சட் 5 ஏவப்பட்டது 1984 இல், அதாவது வெளியேற்றத்துக்கு ஆறு வருடம் முன்னால். 1990க்கு முந்திய கோடைப் படமொன்று, 2009 இனது ஒன்று, அண்மைய வருடத்தினது ஒன்று. இந்த மூன்றையும் ஊர் ஊராய் வைத்து நான்கு வகையாகப் பிரித்த ஒரு பட்டியலை, அந்த ஊர்களில் பிறந்து இன்றைக்குப் பல்கலைக்கழகத்தில் புவியியல் படிக்கும் பிள்ளைகளே தயாரிக்கலாம். நான்காவது வகையையும் இரண்டாவது வகையையும் மறைக்காமல் போட்டால்தான் முதலாவதையும் மூன்றாவதையும் மற்றவர்கள் நம்புவார்கள்.